கலைச்சொல் தேவை: புரியைக் கெடுக்காமல் இறுகிய நட்டைப் பிளக்கும் கருவிக்கு

ஐ.டி.ஐ. ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை:

அனைவருக்கும் வணக்கம். ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்காகத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். ‘நட் ஸ்பிளிட்டர்’ என்ற கருவிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வளையம் போன்ற சட்டம், அதற்குள் ஓர் உளிமுனை, உளியைத் தள்ளும் திருகு. துருப்பிடித்து அசையாத நட்டை இதற்குள் நுழைத்து, திருகை முடுக்கினால் நட்டு பிளந்துவிடும்.

அருகிலுள்ள அரிசி மில்லில் மோட்டார் பீடத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. நான்கு எம்16 கம்பிகள் கான்கிரீட்டில் பதிந்திருக்கின்றன. நெல் அவிக்கும் ஆவியும் தண்ணீரும் பட்டு ஒரு நட்டு அசையவே இல்லை. ஸ்பேனர் போட்டுப் போட்டு முனைகளும் மழுங்கிவிட்டன. கம்பி முறிந்தாலோ புரி கெட்டாலோ கான்கிரீட்டைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கருவியைத் தேடினார்கள். ‘மரை பிளப்பான்’ என்று எழுதலாமா?

கலைச்சொல் ஆர்வலர், தென்காசி:

அம்மா, அந்தச் சொல் மட்டும் வேண்டாம். அகராதிகளில் மரை நட்டாக இருக்கலாம். பட்டறையில் அது கம்பியின் புரி. ‘மரை போயிடுச்சு’ என்றால் நட்டு தொலைந்துபோனதாக எவரும் நினைப்பதில்லை. மரையைக் காப்பாற்றப் பிறந்த கருவிக்கு ‘மரை பிளப்பான்’ என்று பெயர் வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும். பழைய கலைச்சொல் தொகுப்புகளில் நட்டுக்குச் சுரை என்ற சொல்லும் உண்டு. ‘சுரைபிளப்பான்’ என்பது என் பரிந்துரை.

லேத் பட்டறை, வேலந்தாவளம்:

எங்கள் பக்கம் மலையாளத்தவரோடு பழகி மரையைப் ‘பிரி’ என்றே சொல்லிவிடுவோம். புரி, பிரி எல்லாம் ஒன்றுதான். பேரை அப்புறம் பாருங்கள், இந்த வேலைக்குக் கருவியே தேவையில்லை. கேஸ் டார்ச்சில் நட்டைச் சிவக்கக் காய்ச்சினால் அது விரியும், சூட்டோடு ஸ்பேனர் போட்டால் கழன்று வரும். இல்லையென்றால் கிரைண்டரில் ஒரு கீறல், உளியால் ஒரு தட்டு.

மில் மெக்கானிக், சித்தூர்:

அண்ணா, காய்ச்சினால் வரும் என்பது உண்மை. வெளியே கிடக்கும் டிராக்டர் நட்டுக்கு நானும் அதைத்தான் செய்வேன். மில்லுக்குள் உமித்தூசி படிந்த மூலையில் தீயை நீட்ட முடியாது. ஜிங்க் பூச்சுள்ள நட்டாக இருந்தால் புகையும் நெஞ்சைக் கெடுக்கும். கிரைண்டர் தட்டு நட்டைத் தாண்டும் நொடியில் நம் கை நிற்காது, புரியில் ஒரு வெட்டு விழுந்துவிடும். அந்த வெட்டின்மேல் புது நட்டு ஏறாது.

டீச்சரம்மா, கருவி வாங்கப் போகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கருவியில் ‘16–22’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எம்16-க்குச் சரியாகப் போகும் என்று வாங்கிவிடுகிறார்கள். அது கம்பியின் அளவு இல்லை, நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள அகலம். எம்16 நட்டுக்கு 24 ஸ்பேனர்தானே போடுகிறோம்? அப்படியானால் ‘22–27’ என்று போட்ட கருவிதான் வேண்டும்.

நட்டையும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரியையும் வயர் பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சற்று ஊறவிடுங்கள். கருவியின் திருகுக்குக் கிரீஸ் தடவுங்கள், காய்ந்திருந்தால் முடுக்கும் பலம் முழுக்க அங்கேயே செலவாகிவிடும். வளையம் வாஷர்மேல் தட்டையாக உட்கார வேண்டும். உளி நட்டின் ஒரு பக்கத்தின் நடுவில் படட்டும், முனையில் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24-இல் 16 போனால் 8, அதில் பாதி 4. பக்கத்தின் நடுவில் நட்டின் சுவர் 4 மில்லிமீட்டர்தான். முனையில் அது ஏறக்குறைய 6. உளியும் வழுக்கும்.

கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்ல முடுக்குங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அல்லது திருகு சட்டென இலகுவாகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு சுற்று என்று போனால் உளி புரியில் இறங்கிவிடும். சத்தம் வராத நட்டும் உண்டு. அதனால் உளி நட்டைத் தொட்ட இடத்தில் திருகில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருகின் புரி இடைவெளி 1.5 மி.மீ. என்றால் இரண்டு சுற்றுக்கு உளி 3 மி.மீ. உள்ளே போயிருக்கும். அதற்குமேல் கால் சுற்றாகப் போய், ஒவ்வொரு முறையும் கழற்றிப் பாருங்கள்.

விவசாயி, முதலமடை:

என் பம்பில் போல்ட்டின் தலை முறிந்து, மீதி உள்ளேயே நிற்கிறது. இந்தக் கருவி அதை எடுக்குமா?

மில் மெக்கானிக், சித்தூர்:

எடுக்காதுங்க. வளையம் நுழைய நட்டு வெளியே தெரிய வேண்டும். குழிக்குள் உட்கார்ந்த நட்டுக்கே இது எட்டாது. உங்களுக்கு நடுவில் துளை போட்டு இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் வேண்டும், அது வேறு கதை.

ஐ.டி.ஐ. ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை:

நீங்கள் சொன்னபடி செய்தார்கள். முதல் பக்கத்தில் வெடிப்பு விழுந்தது, நட்டு திரும்பவும் செய்தது. ஆனால் மேலே நீண்டிருந்த துருப்புரியில் ஏற முடியாமல் மறுபடி நின்றுவிட்டது. ஒரே இடத்தில் வெடித்த நட்டு ஏன் முதலில் இளகியது என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

மில் மெக்கானிக், சித்தூர்:

இரும்பு துருவாகும்போது ஊதிப் பெருக்கும். அந்தத் துரு புரிகளுக்கு நடுவே ஆப்புப்போல அடைத்துக்கொண்டு நட்டை உள்ளிருந்து நெருக்குகிறது. நட்டு முழு வளையமாக இருக்கும்வரை நெருக்கம் போக வழியில்லை. ஓரிடத்தில் திறந்தால் போதும், பிடி விட்டுவிடும்.

மேலே துரு இருப்பதால், அதே நட்டில் நேர் எதிர்ப் பக்கத்திலும் பிளந்துவிடுங்கள். இரண்டு பாதியாக விழும், புரியில் ஏற்றிக் கழற்ற வேண்டியதே இல்லை. பிறகு எம்16, 2 மி.மீ. புரி இடைவெளியுள்ள டையை ஒருமுறை ஓட்டி, கிரீஸ் தடவிப் புது நட்டு போடுங்கள்.

கலைச்சொல் ஆர்வலர், தென்காசி:

இப்போது கருவியின் செயல் தெளிவாகிவிட்டது. அது வெட்டுவதில்லை, நொறுக்குவதும் இல்லை. ஆப்பிறக்கி வெடிக்க வைக்கிறது, உள்ளே இருப்பதைத் தொடுவதில்லை. எனவே ‘வெட்டி’யும் ‘உடைப்பா’னும் பொருந்தா. ‘பிளப்பான்’ நிற்கட்டும். முன்னால் வரும் சொல் சுரையாக இருக்க வேண்டும் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

லேத் பட்டறை, வேலந்தாவளம்:

சுரை என்றால் என் பையன்கள் சுரைக்காயைத்தான் நினைப்பார்கள். நட்டு தமிழாகிப் பல காலம் ஆயிற்று, ஐயா. ‘நட்டுப்பிளப்பான்’ என்றால் கடைக்காரனும் எடுத்துக் கொடுப்பான்.

காற்றாலைப் பராமரிப்பு, சுரண்டை:

ஒரு சந்தேகம். எங்களிடம் இருப்பது ஹைட்ராலிக் வகை, பம்ப் அழுத்தத்தில் உளி இறங்கும். எம்36 நட்டில் சாதாரணமாக 55 மி.மீ. அகலம், சுவரே ஒன்பதரை மி.மீ. வந்துவிடுகிறது. அதுவும் கடினப்படுத்திய நட்டென்றால் கைத்திருகு வகையில் உளிமுனைதான் சிதறும். இரண்டுக்கும் ஒரே பெயரா?

ஐ.டி.ஐ. ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை:

என் குறிப்பில் இப்போதைக்கு ‘நட்டுப்பிளப்பான்’ என்று எழுதி, அருகில் ‘சுரைபிளப்பான்’ என்றும் சேர்க்கிறேன். கம்பியின் மரைக்கு எங்கள் மாணவர் காதுக்குப் பழகிய ‘புரி’யையே வைத்துக்கொள்கிறேன். சுரண்டை நண்பர் கேட்ட ஹைட்ராலிக் வகைக்கு ‘அழுத்த நட்டுப்பிளப்பான்’ என்று தோன்றுகிறது, ஆனால் கைத்திருகிலும் அழுத்தம்தானே வேலை செய்கிறது? ‘நீர்மவிசை’ என்ற முன்னொட்டு மாணவர் வாயில் நுழையுமா என்று வேலந்தாவளம் அண்ணன் சொல்லட்டும்.