வாடகை நூலகத்தில் தாமதக் கட்டணம் எப்படி வைக்கிறீர்கள்?

வணக்கம். எங்கள் தெருவில் சின்னதாக ஒரு வாடகை நூலகம் நடத்துகிறேன். முன்பணம் 300 ரூபாய், மாதச் சந்தா 100, ஒரு நேரத்தில் இரண்டு புத்தகம், 15 நாள் தவணை. புத்தகம் வெளியே போனதும் அதற்கென வைத்திருக்கும் பதிவு அட்டையில் உறுப்பினர் எண்ணை எழுதி, திரும்ப வேண்டிய தேதி வாரியாகப் பெட்டியில் அடுக்கிவிடுவேன், அதனால் யார் தாமதம் என்று பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிக்கல் தாமதக் கட்டணத்தில்தான். நாளுக்கு 2 ரூபாய். ஐந்து பாக நாவலில் மூன்றாம் பாகத்தை ஒருவர் 60 நாள் கூடுதலாக வைத்திருக்கிறார், 120 ரூபாய் ஆகிவிட்டது, புத்தகத்தின் விலையே 150தான். தொகை ஏற ஏற ஆள் இந்தப் பக்கமே வருவதில்லை. எனக்கோ அந்த ஒரு பாகம் மட்டும் கடையில் கிடைக்கவில்லை, செட்டாகத்தான் தருகிறார்கள். இரண்டாம் பாகம் முடித்தவர்கள் தினமும் கேட்கிறார்கள், பாவமாக இருக்கிறது.

இப்படி மாற்றலாமா? முதல் 3 நாள் கட்டணம் இல்லை, அப்புறம் நாளுக்கு 2, ஆனால் 40 ரூபாயோடு நிறுத்திவிடுவது. புத்தகம் வரும்வரை அடுத்தது கிடையாது. இரண்டு மாதம் தாண்டினால் முன்பணத்தில் விலையைக் கழித்துக்கொள்வது. செட் புத்தகங்களுக்கு மட்டும் முழு செட்டின் விலையை முன்பணமாகக் கேட்டால் ஆட்கள் ஒப்புக்கொள்வார்களா? நூலகம் நடத்துபவர்கள், உச்சவரம்பு வைத்த பிறகு புத்தகங்கள் திரும்பி வந்தனவா என்று சொல்லுங்கள்.