ஆவணியில் பார்த்த வீடு, மார்கழியில் படப்பிடிப்பு: வெயில், ஃபியூஸ், உறுமல் சத்தம். உதவி தேவை

திண்ணை:
வணக்கம். 20 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். மொத்தக் கையிருப்பு 60,000 ரூபாய். கதை முழுக்க ஒரே வீட்டில்தான். கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் முற்றம் வைத்த ஓட்டு வீடு கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் 24, ஞாயிறு மதியம் போய்ப் பார்த்தோம். முற்றத்துத் தரை முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. அம்மா நடு முற்றத்தில் உட்கார்ந்து வடகம் பிழிகிற காட்சியை அந்த வெயிலுக்காகவே எழுதினேன். படப்பிடிப்பு டிசம்பர் 20, 21.

போன வாரம் மறுபடி போனோம். அதே பன்னிரண்டு மணிக்கு வெயில் நடுவில் இல்லை, இரண்டு மூன்று அடி தள்ளிப்போயிருந்தது. சாயங்காலம் வாடகைக்கு எடுத்த இரண்டு 1000 வாட் ஹாலஜனைக் கூடத்தில் போட்டோம், ஃபியூஸ் போய்விட்டது. போனில் பதிவு செய்து கேட்டால் அடியில் ஒரு 'உர்ர்' சத்தம். இது போக விடியற்காலைக் காட்சி ஒன்றும் இருக்கிறது. இந்த வீட்டையே வைத்துக்கொள்ளலாமா, இல்லை வேறு தேட வேண்டுமா?

செட்டிநாட்டுக்காரன்:
முற்றம் வைத்த வீடு வேண்டுமென்றால் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வாருங்கள் தம்பி. இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

திண்ணை:
அண்ணே, வீடு கிடைத்துவிட்டது. கிடைத்த வீட்டில்தான் பிரச்சினை. அதோடு என் கதையில் வருவது ஏழைக் குடும்பம்.

லைட்மேன் மகன்:
வெயிலை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் ஆகஸ்ட் 24-ல் போனதுதான் ஏமாற்றிவிட்டது. கும்பகோணம் ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே வருஷத்தில் இரண்டே சமயம்தான் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும்: ஏப்ரலில் பத்தொன்பது தேதி வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 24 ஒட்டி இன்னொரு தடவை. சரியாக அந்த நாளில் போய் நின்றிருக்கிறீர்கள். டிசம்பர் 20-ல் சூரியன் மதியத்திலும் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், தரையிலிருந்து 55 டிகிரி உயரம். மூன்று விஷயம் சொல்லுங்கள். தெற்குப் பக்கத்து ஓட்டு விளிம்பு முற்றத்துத் தரையிலிருந்து எத்தனை அடி? முற்றம் தெற்கு வடக்காக எத்தனை அடி? வடக்குத் தாழ்வாரம் எவ்வளவு ஆழம்?

திண்ணை:
விளிம்பு நாலு பக்கமும் 9 அடி. முற்றம் 10-க்கு 10. தாழ்வாரம் 6 அடி, அதற்குப் பின்னால் சுவர். வீட்டுக்கார அக்காவிடம் போன் செய்து டேப் வைத்து அளக்கச் சொன்னேன்.

லைட்மேன் மகன்:
சரி. டிசம்பர் கடைசியில் உங்கள் ஊரில் உச்சி வேளை நிழல் உயரத்தில் பத்துக்கு ஏழு பங்கு. 9 அடி விளிம்பு 6 அடிக்குச் சற்று மேல் நிழல் போடும். அதாவது முற்றத்தில் தெற்கே 6 அடி நிழல், வடக்கே மீதி 4 அடிதான் வெயில். நடுவில் உட்காரும் அம்மா நிழலில்தான் இருப்பார்.

ஆனால் வெயில் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதே கணக்கில் வடக்கு விளிம்புக்கு அடியில் புகுந்து தாழ்வாரத்துக்குள் 6 அடி போகும், அதாவது சுவரின் காலடி வரை. ஆகஸ்டில் இருட்டாக இருந்த அந்தத் தாழ்வாரம்தான் டிசம்பரில் வீட்டிலேயே அழகான இடம். அம்மாவை அங்கே தூண் ஓரமாக உட்கார வையுங்கள். கேமராவைக் கிழக்கிலோ மேற்கிலோ வைத்தால் வெயில் ஒரு கன்னத்தில் விழும். நிழல் பக்கத்துக்கு ஒரு தெர்மோகோல் போதும்.

இன்னொன்று, அந்த வெயில் கட்டம் ஓரிடத்தில் நிற்காது. அங்கே உச்சி 12:10 வாக்கில். ஒரு மணி நேரம் முன்னால் கட்டம் மேற்கே இரண்டரை அடிக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி இருக்கும், ஒரு மணி நேரம் கழித்து அதே அளவு கிழக்கே. தூண் நிழலும் கூடவே நகரும். வைடு ஷாட்டை 12 மணி ஒட்டி முதலில் எடுத்துவிடுங்கள். குளோசப்பில் தரை தெரியாது, பிறகு எடுத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

வயர்மேன் வடிவேலன்:
இவ்வளவு கணக்கு எதற்கு? சூரியப் பாதை காட்டும் ஆப் இருக்கிறது, தேதியைப் போட்டால் காட்டிவிடும். மின்சாரமும் சுலபம்தான். 2000 வாட், 230 வோல்ட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர். கூடத்து 5 ஆம்பியர் பிளக்கில் போட்டால் போகத்தான் செய்யும். சமையலறையில் 15 ஆம்பியர் பிளக் இருக்கும், அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தால் முடிந்தது.

லைட்மேன் மகன்:
ஆப் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு வடக்கு எது என்று சொல்வது போனில் இருக்கும் திசைகாட்டி. இரும்புக் கிராதி, பீரோ பக்கத்தில் நின்றால் அது தப்பாகக் காட்டும். விளிம்பு உயரமும் அதற்குத் தெரியாது. அதனால் டேப்பும் வேண்டும்.

9 ஆம்பியர் கணக்கும் சரி. ஆனால் 15 ஆம்பியர் பிளக் என்பது சுவரில் தெரிகிற முகம் மட்டும்தான், உள்ளே ஓடுகிற கம்பி எத்தனை வருஷத்தது என்று அது சொல்லாது. திண்ணை, ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்குங்கள். அளக்கத் தெரிந்தவர் கையில் கொடுத்து, நீங்கள் படம் எடுக்கப்போகும் நேரத்தில், சாயங்காலம் ஏழு மணி போல, விளக்கு போடாமல் பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். அப்புறம் இரண்டு விளக்கையும் போட்டுப் பாருங்கள். மீட்டர் போர்டிலும் இதே மாதிரி இரண்டு தடவை. பிளக்கில் மட்டும் விழுந்தால் வீட்டுக் கம்பி சரியில்லை, போர்டிலும் விழுந்தால் தெருவிலேயே பலவீனம்.

திண்ணை:
நேற்று ஊர் எலக்ட்ரீஷியனோடு போனேன். சமையலறை 15 ஆம்பியர் பிளக்கில் விளக்கு இல்லாமல் 208, போட்டால் 187. போர்டில் 209, விளக்கு போட்டால் 205. ஹாலஜன் வெளிச்சம் மங்கி ஆரஞ்சாகிவிட்டது. ஃபியூஸ் போகாமலிருக்கக் கம்பியைத் தடிமனாகப் போட்டுத் தருகிறேன் என்றார்.

லைட்மேன் மகன்:
போட விடாதீர்கள். போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் 18 வோல்ட் கூடுதலாக விழுகிறது. அது அத்தனையும் சுவருக்குள் சூடாகிறது. ஃபியூஸ் போவது வீட்டைக் காப்பாற்றத்தான். தடிமனாகப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் கம்பி எரியும், அதுவும் மரச்சட்டமும் ஓடும் இருக்கிற வீட்டில்.

அந்த ஆரஞ்சு நிறமும் வோல்டேஜ் குறைந்ததால்தான். ஹாலஜனை விட்டுவிட்டு 150 அல்லது 200 வாட் எல்இடி இரண்டு வாடகைக்கு எடுங்கள். மொத்தமே 2 ஆம்பியர் வாக்கில்தான் வரும். ஒன்றைச் சமையலறையிலும் ஒன்றைக் கூடத்திலும் போடலாம். எடுப்பதற்கு முன்னால் 185 வோல்ட்டில் அது சிமிட்டாமல் எரிகிறதா என்று அந்த வீட்டிலேயே பாருங்கள், கடையில் அல்ல. எக்ஸ்டென்ஷன் சுருளை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறும்.

வயர்மேன் வடிவேலன்:
18 வோல்ட் விழும் என்று நான் நினைக்கவில்லை. சரி, அந்தப் பிளக்கைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையையும் பார்த்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமையிலும் வைப்பார்கள். பேப்பரில் முதல் நாள்தான் வரும். உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வாரம் முன்னால் நேரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஹெட்ஃபோன்:
உறுமலுக்கு வருகிறேன். போன் பதிவை நம்பாதீர்கள். அமைதியாக இருந்தால் அது தானாகவே சத்தத்தை ஏற்றும், பேசும்போது பின்சத்தத்தை அமுக்கும். படத்தில் பயன்படுத்தப்போகும் அதே மைக், அதே ரெக்கார்டர், காதில் ஹெட்ஃபோன். நடிகர் நிற்கும் இடத்தில் மைக்கை வைத்து இரண்டு நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள். உறுமல் இருந்தால் மெயினையும் இன்வர்ட்டரையும் அணையுங்கள். நின்றுவிட்டால் வீட்டுக்குள்தான் இருக்கிறது: ஃபிரிட்ஜ், இன்வர்ட்டர், ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். நிற்காவிட்டால் வெளியே.

ஃபிரிட்ஜ் என்றால் டேக் நேரத்தில் அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். சாவியை எடுக்க வரும்போது போட்டுவிட்டுப் போவீர்கள். நான் ஒரு தடவை மறந்து அந்த வீட்டுப் பாட்டியின் மாவு புளித்துப் போனது.

திண்ணை:
மெயினையும் இன்வர்ட்டரையும் அணைத்தேன், முக்கால்வாசி நின்றது. இன்வர்ட்டர்தான், கூடத்து மாடத்தில் இருக்கிறது. மீதி பக்கத்து வீட்டு மோட்டார். காலை ஏழிலிருந்து ஏழரை வரை ஓடுமாம். ஏழே முக்காலுக்கு ஆரம்பிக்கிறேன்.

காவிரிக்கரை:
உங்கள் விடியற்காலைக் காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே. டிசம்பர் 20 மார்கழி ஐந்தாம் தேதி போல வரும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நாலரைக்கே கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பித்துவிடும். ஆவணியில் போனவர் காதுக்கு அது எப்படி விழும்!

ஹெட்ஃபோன்:
ஆமாம், நானும் யோசிக்கவில்லை. சத்தம் கதைக்குப் பொருந்துகிறது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். பாசுரம் ஆண்டாளுடையது, ஆனால் ஸ்பீக்கரில் பாடுகிற குரல் யாரோ ஒரு கம்பெனி வெளியிட்ட பதிவு. யூடியூபில் ஏற்றினால் உரிமை கோரி நோட்டீஸ் வரும். ஒவ்வொரு கட்டிலும் பாட்டு வேறு இடத்தில் குதிக்கும், அது அதைவிடத் தொல்லை. வசனத்தை டப்பிங்கில் எடுங்கள்.

திண்ணை:
அம்மாவாக நடிப்பவர் என் அத்தை. முதல் தடவை நடிக்கிறார், டப்பிங் சரிவராது. கோயிலில் கேட்டேன், ஆறு மணிக்கு நிறுத்துவோம் என்றார்கள். ஆறே காலுக்கு எடுத்தால் விடியற்காலை மாதிரி இருக்குமா?

லைட்மேன் மகன்:
டிசம்பரில் அங்கே சூரியன் ஆறரை வாக்கில்தான் எழும். அதனால் நீல வெளிச்சம் ஒரு பத்து நிமிடம் கிடைக்கும். ஒரு ஷாட்டுக்குப் போதும், காட்சி முழுக்கப் போதாது. பனி இறங்கினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

சின்னப் பங்காளி:
என் கதையைச் சொல்கிறேன். எங்கள் பூர்வீக வீட்டில் எடுத்தோம், பெரியப்பா வாயால் சரி என்றார். இரண்டாம் நாள் காலையில் சித்தப்பா வந்து 'எனக்கும் பங்கு இருக்கு, யாரைக் கேட்டீங்க?' என்று வாசலில் நின்றுவிட்டார். பாதிப் படம் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. பட்டா யார் பேரில் இருக்கிறது, பங்காளிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தேதி, எந்தெந்த அறை, என்ன வாடகை, உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

வயர்மேன் வடிவேலன்:
வீட்டுக்குள் எடுக்க வீட்டுக்காரர் அனுமதி போதும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால்தான் இல்லாத கேள்வி வரும்.

சின்னப் பங்காளி:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேன் தெருவில் நிற்கும், கூட்டம் சேரும், யாராவது போன் போடுவார்கள். முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்திருந்தால் பேச்சு அதோடு முடியும். ஊராட்சித் தலைவரையும் பார்த்துவிடுங்கள்.

திண்ணை:
பட்டா அக்காவும் சென்னையில் இருக்கும் அவர் தம்பியும் சேர்ந்து வாங்கியது. தம்பி வாட்ஸாப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார், அசல் தபாலில் வருகிறது. ஸ்டேஷனுக்குக் கடிதம் கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எல்இடி பேசிவிட்டேன், வடகக் காட்சி வடக்குத் தாழ்வாரத்துக்குப் போகிறது. அக்காதான் கேட்கிறார், வெயில் இல்லாத இடத்தில் எவளாவது வடகம் போடுவாளா என்று. டிசம்பரில் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

காவிரிக்கரை:
வெயில் வரும். ஆனால் மார்கழிப் பனியில் யாரும் வடகம் போடுவதில்லை தம்பி, அது பங்குனி, சித்திரை வேலை. கதை எந்த மாசத்தில் நடக்கிறது?