சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு சொல் தேவை: ‘ப்ரீ-பிட் குவரி’

அஸ்தம்பட்டியிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமை சிறுதொழில் செய்வோருக்கு ஒப்பந்தப்புள்ளி வகுப்பு எடுக்கிறேன். கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஆவணத்தில் குழப்பம் இருந்தால், கெடு முடிவதற்குள் வாங்குபவருக்கு எழுதிக் கேட்போமே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது?

வகுப்புக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: மருத்துவமனைக்கு இரும்புக் கட்டில். 14ஆம் பக்கத்தில் குழாய்த் தகட்டின் கனம் 18 கேஜ். விலை நிரப்பும் தாளில் 1.6 மி.மீ. 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ.தான், 1.6 என்றால் 16 கேஜ். எதற்கு விலை போடுவது?

ஓமலூர் புலவர்:
நன்னூலார் அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என வினாவை ஆறாக்கினார். பாம்போ கயிறோ என்பது போல, பதினாறோ பதினெட்டோ என்பது ஐயவினா. சொல்லப்போனால் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பே ‘பருப்பு உளதா வணிகரே’ என்னும் கொளல்வினாதான். கொளல்வினாவுக்குள் முளைத்த ஐயவினா! கேள்வியும் பதிலுமாக வெளியிடும் தாளைக் ‘கடாவிடை’ எனலாம். கடாவுதல் என்றால் செலுத்துதல், வினாவைச் செலுத்துவதாலேயே...

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
புலவர் ஐயா, கடாவிடை என்று அச்சடித்தால் கிடா வெட்டுக்கு அழைப்பு என்று நினைத்துச் சட்டியோடு வருவார்கள். ஐயம் என்றால் பிச்சையும்தானே? ‘விளக்கம் கோரல்’ போதும். கேட்டவருக்கு மட்டும் பதில் வரப்போகிற சாதாரணக் கடிதம். இதற்குப் போய் நன்னூல் எதற்கு?

கொண்டலாம்பட்டியிலிருந்து:
கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் குறுக்கிடுகிறேன். தம்பி சொன்னது பாதி சரி. கடிதம்தான், ஆனால் பதில் கேட்டவருக்கு மட்டும் போவதில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகள் 2000-இன்படி, புள்ளி திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன் கேட்டால் பதில் தர வேண்டும். அதன் நகல் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் போகும், கேட்டவர் யார் என்று காட்டாமல். பல ஆவணங்களில் கேள்விக்குத் தனிக் கெடு உண்டு. அது புள்ளி போடும் கடைசி நாளுக்குப் பல நாள் முன்னதாகவே முடிந்துவிடும்.

ஆகவே கடிதத்தின் வாசகத்தில் கவனம் வேண்டும். ‘18 கேஜ் போட்டால் போதுமா?’ என்று கேட்டால் உங்கள் கணக்கைப் போட்டியாளருக்கே காட்டிக்கொடுத்ததாகும். ‘14ஆம் பக்கத்தில் இப்படி, விலைத்தாளில் அப்படி, எது செல்லும்?’ என்று கேட்டு நிறுத்துங்கள். ‘ஆவணத்தில் உள்ளபடி’ என்று ஒரு வரியில் கைகழுவுவதும் நடக்கும். மறுபடி கேட்க நாள் இருக்க வேண்டும் என்பதால்தான் முதல் வாரத்திலேயே கேட்கச் சொல்வேன்.

‘விளக்கம்’ வேண்டவே வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்டால் மெமோ வந்துவிட்டது என்று பொருள். போதாததற்கு, புள்ளி திறந்த பிறகு வாங்குபவர் நம்மிடம் கேட்பதும் விளக்கம்தான். இது திறப்பதற்கு முன், நாம் அவரிடம் கேட்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் எங்கே போவார்?

ஏற்காட்டிலிருந்து:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விடுதிக்குக் காப்பித்தூள். சிக்கரி எத்தனை சதவீதம் என்று ஆவணத்தில் இல்லை. போனில் கேட்டேன், ‘வழக்கம்போலத்தான்மா’ என்றார். நானும் ‘20 சதவீதம் சிக்கரி எனக் கொண்டு’ என்று விலைக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டேன். நிபந்தனை போட்ட புள்ளி என்று தள்ளிவிட்டார்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது? எங்கள் பக்கத்தில் ‘முன்கேள்வி’ என்றாலே விளங்கிவிடும்.

ஓமலூர் புலவர்:
அம்மா, ‘கேள்வி’ குறளில் செவியால் கேட்பது. எழுதித் தருவதைக் கேள்வி என்பது எப்படி? உங்களைக் கவிழ்த்ததே செவிவழிக் கேள்விதானே!

அஸ்தம்பட்டியிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். ‘முன்’ வேண்டும் என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு ‘முன்தெளிவு வினா’ என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘ப்ரீ-பிட் குவரி’ என்பதும் இருக்கும். ஏற்காடு அம்மாவின் சிக்கரி வரியை, பெயரில்லாமல், கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாமா?

ஏற்காட்டிலிருந்து:
தாராளமாக.

ஓமலூர் புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முன்பே தெளிந்தவன் கேட்டால் அது அறிவினா. ஆசிரியர் மாணவனைக் கேட்பது. வாங்குபவருக்குத் தேர்வு வைக்கிறோம் என்றல்லவா ஆகும்?

கொண்டலாம்பட்டியிலிருந்து:
சில ஆவணங்களைப் படித்தால் வைக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, ஐயா.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
எல்லாம் சரி, அந்தக் கட்டிலுக்கு 16 கேஜா, 18 கேஜா?