பெரிய வீட்டுக் குழு: நிவேதாவின் ஃப்ளோசார்ட்

கவிதா: பெரியப்பா, நிவேதா நாளைக்குள் இதை ஃப்ளோசார்ட் ஆக்க வேண்டும். "சூரிய வெப்பத்தால் கடல் நீர் ஆவியாகிறது. நீராவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகிறது. மேகம் மழையாக நிலத்தில் பொழிகிறது. மழைநீரில் ஒரு பகுதி ஆறாக ஓடிக் கடலை அடைகிறது. மற்றொரு பகுதி நிலத்துக்குள் இறங்குகிறது. தாவரங்களும் நீராவியை வெளியிடுகின்றன." ஆறு வாக்கியத்தை ஆறு கட்டமாக வரிசையாகப் போட்டாள், டீச்சர் அடித்துவிட்டார்.

செல்வி அத்தை: பிள்ளையையா அடித்தார்??

கவிதா: நோட்டில் சிவப்பு மையால், அத்தை.

முருகன் மாமா: முதல் கட்டம் சூரியன். அப்புறம் வரிசையாக அம்பு. இதற்கா இவ்வளவு?

பெரியப்பா: மாப்பிள்ளை, தண்ணீர் சூரியனிலிருந்து வருவதில்லையே. கடலிலிருந்து கிளம்பும் அம்பின் மேல் "வெப்பம்" என்று எழுதினால் போதும். கவிதா, தண்ணீர் இருக்கும் இடமும் நிலையும் கட்டம்; அது என்ன ஆகிறது என்பது அம்பு. "ஒரு பகுதி, மற்றொரு பகுதி" என்று வந்தால் அங்கே கிளை பிரிகிறது. தாவரம் பத்தியில்தான் கடைசி. "தாவரங்களும்" என்று இருக்கிறது பார், அந்த அம்பு கடலின் அம்பு சேரும் நீராவிக் கட்டத்திலேயே வந்து சேர வேண்டும்.

செல்வி அத்தை: நிலத்துக்குள் என்றதும் ஞாபகம் வந்தது. பழைய வீட்டு போரில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரை யார் பார்ப்பது?

முருகன் மாமா: பங்கு பிரித்தபோது போர் யாருக்குப் போனதோ அவர்.

ராஜா சித்தப்பா: ஆரம்பித்துவிட்டார்கள் 🙏

கார்த்தி: ஃப்ளோசார்ட் என்றால் தொடக்கமும் முடிவும் வேண்டும் தாத்தா. காலேஜில் அப்படித்தான் சொன்னார்கள்.

பெரியப்பா: புரோகிராமுக்குச் சரி. இதில் முடிவு போட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு அம்பு, வெளியே ஒரு அம்பு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

கவிதா:
கடல் –ஆவியாதல்→ நீராவி
தாவரம் –நீராவிப்போக்கு→ நீராவி
நீராவி –குளிர்தல்→ மேகம்
மேகம் –மழை→ நிலம்
நிலம் –வழிந்தோடல்→ ஆறு → கடல்
நிலம் –உட்கசிவு→ நிலத்தடி நீர்

நிலத்தடி நீருக்கு வெளியே போகும் அம்பு இல்லை. தாவரத்துக்கு உள்ளே வரும் அம்பு இல்லை.

பெரியப்பா: நிலத்தடியிலிருந்து தாவரத்துக்கு "வேர் உறிஞ்சுதல்" என்று ஒரே அம்பு, இரண்டு ஓட்டையும் அடைபடும். ஊற்றாகவும் ஆற்றுக்கு வரும், அதை விட்டுவிடலாம்.

கவிதா: வேர் பத்தியில் இல்லையே. மார்க் குறைப்பார்களோ?

பெரியப்பா: புள்ளிக்கோட்டில் போடச் சொல், அவள் சேர்த்தது என்று தெரியும். உண்மையில் மழையில் முக்கால் பங்குக்கு மேல் கடலிலேயே விழுகிறது. மேகத்திலிருந்து கடலுக்கும் நேராக ஒரு அம்பு...

கவிதா: பெரியப்பா, சின்னதாக இருக்க வேண்டும் என்றுதான் டீச்சர் சொன்னார்!

முருகன் மாமா: சூரியனை ஓரத்தில் படமாகவாவது வரையட்டும் அத்தான்.

பெரியப்பா: அம்பு இல்லாமல் வரையட்டும்.

கவிதா: வேர் வேண்டுமா வேண்டாமா என்று நிவேதாவும் அவள் அப்பாவும் இன்னும் சண்டை. பிறகு சொல்கிறேன்.

செல்வி அத்தை: மோட்டார்?