ஸ்லைடிலிருந்து தகவல் தாள் எழுதுவது எப்படி? அவசரம், திங்கள் நெறிமுறைக் குழு

செம்மண்
வணக்கம். முதுகலை ஆய்வு. திட்டம் 24 ஸ்லைடாக இருக்கிறது. பங்கேற்பாளருக்குத் தமிழில் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் வேண்டுமாம். ஸ்லைடுகளை வரிசையாகத் தமிழாக்கினேன், ஆறு பக்கம் வந்தது. வழிகாட்டி பார்த்துவிட்டு "இதை யார் படிப்பார்?" என்று திருப்பிவிட்டார். மாதிரிப் படிவம் வைத்திருப்பவர்கள் தாருங்கள், ப்ளீஸ்.

மருந்துப்பெட்டி
என்ன ஆய்வு? யாரிடம்? மருந்து கொடுக்கிறீர்களா, ரத்தம் எடுக்கிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் மாதிரி கொடுத்து என்ன பயன்?

குழு_மூத்தவர்
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறையில் தகவல் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். முதலில் அதைப் படியுங்கள் தம்பி, அப்புறம் கேளுங்கள்.

திருமயத்தான்
பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். எங்கள் பல் ஆய்வில் இதை விட்டுவிட்டு ஒரு மாதம் இழுத்தது.

செம்மண்
பிள்ளைகள் இல்லை அண்ணே. தம்பியும் இல்லை, தங்கை :) ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளர்கள். சிமென்டால் கையில் அரிப்பு, வெடிப்பு எத்தனை பேருக்கு என்று பார்க்கிறோம். கேள்வித்தாள், கையைப் பரிசோதிப்பது, போட்டோ, பேட்ச் டெஸ்ட். பேட்ச் டெஸ்ட் பற்றி ஸ்லைடு 14இல் இருப்பது இவ்வளவுதான்: "இந்திய நிலையான தொகுப்பு, மேல் முதுகு, வாசிப்பு நாள் 2, நாள் 4." ஆள் சேர்ப்பது பட்டறை உரிமையாளர்கள் மூலம்.

மருந்துப்பெட்டி
பேட்ச் டெஸ்ட் என்றால் ஒரு வாரம் முன்பே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் சம்மதம் வாங்குவதை வீடியோ எடுப்பதும் கட்டாயம்.

வெயில்நாள்
தோல் பிரிவில் பல வருடம் பேட்ச் ஒட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்துவது ஊசியால் கீறிப் பார்க்கும் சோதனைக்கு. இங்கே எதிர்வினை இரண்டு நாள் கழித்து வருவது, அந்த மாத்திரை அதைப் பெரிதாகத் தடுக்காது. ஸ்டீராய்டு மாத்திரையும் முதுகில் பூசும் ஸ்டீராய்டு களிம்பும்தான் முடிவைக் கெடுக்கும். அதையும் "நிறுத்துங்கள்" என்று தாளில் எழுதாதீர்கள், "சாப்பிட்டால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். வீடியோ 2019 மருந்து ஆய்வு விதிகளில் வருகிறது, அதுவும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் புதிய மூலக்கூறைச் சோதிக்கும்போது. இங்கே மருந்தே இல்லை.

செம்மண், உங்கள் தகவல் தாள் முழுக்க அந்த 14ஆம் ஸ்லைடில்தான் இருக்கிறது. குழுவுக்கு "நாள் 2, நாள் 4" போதும். டைல்ஸ் போடுகிறவருக்கு அதன் பொருள் வேறு. திங்கள் ஒட்டினால் புதன் கழற்ற வேண்டும், வெள்ளி மறுபடி பார்க்க வேண்டும், ஆக மூன்று முறை வர வேண்டும். புதன் வரை முதுகு நனையவும் கூடாது, வியர்க்கவும் கூடாது. கழற்றிய பிறகும் வெள்ளி வரை நனையக் கூடாது, இடத்தைக் குறித்த மை அழிந்துவிட்டால் எது எந்தப் பொருள் என்றே தெரியாது. அச்சை அழுத்தி, கல்லைத் தூக்கித் தொட்டியில் இறக்கி எடுக்கிறவர் வியர்க்காமல் எப்படி இருப்பார்? அதாவது குறைந்தது இரண்டு நாள் அந்த வேலை கிடையாது. ஸ்லைடில் இது ஒரு சொல்கூட இல்லை. அவர் சம்மதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதே இதை வைத்துத்தான்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"உங்கள் மேல் முதுகில் சில பொருட்களைச் சிறு பட்டைகளில் வைத்து ஒட்டுவோம். சிமென்டில் இருக்கும் குரோமியம் உப்பும் அவற்றில் ஒன்று. ஊசி கிடையாது. இரண்டு நாள் பட்டை முதுகிலேயே இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் வியர்க்கும் வேலை, பளு தூக்கும் வேலை செய்ய முடியாது. நான்காம் நாள் பார்த்து முடிக்கும் வரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். ஒட்டிய இடத்தில் அரிக்கலாம், சிவக்கலாம், சிலருக்குக் கொப்புளம் வரலாம். அந்த இடத்தில் நிறமாற்றம் சில வாரம் இருக்கலாம். அபூர்வமாக, இதுவரை ஒத்துக்கொண்ட ஒரு பொருள் இந்தச் சோதனையாலேயே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தாங்க முடியாவிட்டால் பட்டையை நீங்களே எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்."

கடைசி வாக்கியத்துக்கு ஒரு நம்பர் வேண்டும். ஸ்லைடில் இருப்பது துறை அலுவலக நம்பராக இருக்கும், இரவு ஒன்பது மணிக்கு அதை யாரும் எடுக்க மாட்டார்கள். புண் வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதும் ஸ்லைடில் இருக்காது, வழிகாட்டியிடம் கேளுங்கள்.

குழு_மூத்தவர்
வியர்வை எல்லாம் செயல்முறை விவரம். தாள் இரண்டு பக்கம் தாண்டினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வெயில்நாள்
பின்னணி, புள்ளியியல், நோக்கம் 1, நோக்கம் 2 எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிடும். வெட்ட வேண்டியது அவற்றை.

ஆயிரம்ஜன்னல்
அக்கா சொன்னதோடு ஒன்று. அந்த இரண்டு நாள் கூலியை யார் தருவது? கல் கணக்கில் கூலி வாங்குகிறவர் என்றால் வேலை நின்றால் வரும்படியும் நின்றது.

குழு_மூத்தவர்
கூலி கொடுத்தால் அது ஆசை காட்டிச் சேர்ப்பது. பஸ் காசு மட்டும்.

ஆயிரம்ஜன்னல்
இழந்ததைத் திருப்பித் தருவது எப்படி ஆசை காட்டுவது ஆகும்? நீங்கள் படிக்கச் சொன்ன அதே 2017 நெறிமுறை, செலவைத் திருப்பித் தரலாம், நேரத்துக்கும் சிரமத்துக்கும்கூடக் கொடுக்கலாம் என்கிறது.

குழு_மூத்தவர்
குழு பார்த்து ஒப்புக்கொண்டால் என்றும் சொல்கிறது. கல் கணக்கு என்றால் ஒருவருக்கு ஒரு தொகை, இன்னொருவருக்கு வேறு தொகையா? பணத்துக்காகக் கை அரிப்பதாகச் சொல்லி வருவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

ஆயிரம்ஜன்னல்
எல்லாருக்கும் ஒரே அளவு நாள் கூலி என்று வைக்கலாமே. அரிப்பு இல்லாதவரையும்தானே சேர்க்கிறார்கள்? பொய் சொல்லி என்ன லாபம்?

மருந்துப்பெட்டி
கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் எங்கேயோ போய்விட்டீர்கள். செம்மண், உரிமையாளர் மூலம் ஆள் சேர்ப்பதுதான் எனக்கு உதைக்கிறது. முதலாளி "போய் உட்கார்" என்றால் அது சம்மதமா?

வெயில்நாள்
இது சரியான கேள்வி. உரிமையாளரிடம் உள்ளே வர அனுமதி வாங்குங்கள், அதோடு அவர் வேலை முடிந்தது. விளக்குவது, கையெழுத்து வாங்குவது எல்லாம் பட்டறைக்கு வெளியே. கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சி வேண்டும், அது உரிமையாளரோ மேஸ்திரியோ உங்கள் குழு ஆளோ ஆகக் கூடாது. "சேராவிட்டாலும், நடுவில் விலகினாலும் உங்கள் வேலைக்கும் சிகிச்சைக்கும் எந்த மாற்றமும் இல்லை" என்று எழுதும் முன், உரிமையாளர் அதற்கு ஒப்புக்கொண்டாரா என்று பாருங்கள். வேலை விஷயத்தில் நீங்களாக வாக்குக் கொடுக்க முடியாது.

"யாருக்கும் தெரியாது" என்றும் எழுதாதீர்கள். முதுகில் பட்டையோடு ஊருக்குள் நடப்பவரை எல்லாரும் பார்ப்பார்கள். "முடிவை உங்களிடம் மட்டும் சொல்வோம், உரிமையாளரிடம் சொல்ல மாட்டோம், ஆனால் நீங்கள் சேர்ந்திருப்பது மற்றவர்களுக்குத் தெரிய வரலாம்" என்பதுதான் உண்மை. போட்டோவுக்குத் தனியாக ஒரு ஆம்/இல்லை கட்டம் போடுங்கள். கை மட்டும்தான் என்றாலும் பச்சை குத்தியிருந்தால் ஊரில் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

திருமயத்தான்
குரோமியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு வந்தால் அவர் அப்புறம் என்ன செய்வார்? வேறு தொழிலுக்கா போவார்?

வெயில்நாள்
அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. "பலன்" பகுதியில் பெரிதாக எதுவும் சொல்லாமல், எதனால் அரிக்கிறது என்று தெரியவரலாம், கைக்குச் சிகிச்சை தருவோம் என்று நிறுத்திக்கொள்ளலாம். சிகிச்சை நிஜமாகவே தருவதாக இருந்தால்.

செம்மண்
எல்லாருக்கும் நன்றி. தாள் இரண்டு பக்கமானது. ஒரு பட்டறை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "சித்திரை வெயிலில் சும்மா உட்கார்ந்தாலே முதுகு நனையுமே" என்றார். பேட்ச் டெஸ்டை மார்கழிக்குத் தள்ள வழிகாட்டி சம்மதித்துவிட்டார், அதனால் ஸ்லைடும் மாறுகிறது. கூலி பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. திங்கள் பார்க்கலாம்.

ஆயிரம்ஜன்னல்
குழு கூலிக்கு என்ன சொன்னது என்று வந்து சொல்லுங்கள்.

ஆயிரம்ஜன்னல்
செம்மண்?