கலைச்சொல்: காசு கொடுத்து முன்னால் நிற்கும் தேடல் முடிவை எப்படிச் சொல்வது?

இளவேனில்:
வணக்கம். தேடுபொறி உதவிக் கோப்பில் இந்த இரண்டு சரங்களில் வேலை நிற்கிறது.

```
msgid "Sponsored result"
msgid "Organic result"
```

பழைய கோப்பில் முதலாவது "புரவலர் முடிவு", இரண்டாவது "கரிம முடிவு". கரிமம் வேதியியலோடு போகட்டும், "இயல்பு முடிவு" என்று மாற்றிவிட்டேன். புரவலர்தான் உறுத்துகிறது.

நாகேந்திரன்:
இலங்கையில் பாடசாலை விளையாட்டுப் போட்டிப் பதாகையிலும் "அனுசரணை" என்றுதான் போடுவோம். "அனுசரணை முடிவு" எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும்.

மும்தாஜ்:
ஐயா, அனுசரணையாளர் வேறொருவர் நடத்தும் போட்டிக்குக் காசு தருகிறார். இங்கே காசு கொடுப்பவர் தன் சுட்டியைத்தான் மேலே ஏற்றுகிறார். கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று எழுதியிருப்பதுபோல, அனுசரணையும் புரவலரும் மதிப்பைக் கூட்டும் சொற்கள். நமக்கு அதற்கு நேர்மாறாக, படித்ததும் விரல் ஒரு நொடி தயங்கும் சொல் வேண்டும்.

ஏன் என்பதற்கு 2023 அக்டோபரில் வெளியான கீபாஸ் விவகாரம் போதும். கடவுச்சொல் காப்பகமான கீபாஸைக் கூகுளில் தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. அதில் தெரிந்த முகவரி `keepass.info`, அசல் தளத்தின் முகவரியேதான். சொடுக்கினால் இடையில் வேறு சேவையகம் வழியாகச் சுற்றி `ķeepass.info` என்ற தளத்துக்குப் போனது. k எழுத்தின் அடியில் சின்னக் கீற்று ஒன்று உண்டு, திரைத் தூசி என்று நினைக்கத் தோன்றும். அதன் உண்மைப் பதிவு `xn--eepass-vbb.info`. அங்கே இறக்கிய நிறுவியில் தீநிரல் இருந்தது.

பழனி:
இதுக்கு எதுக்கு இவ்வளவு பயம்? முதல் நாலும் விளம்பரம், அஞ்சாவதுல இருந்து அசல். சுட்டி மேல மவுஸை வைச்சா கீழ முகவரி தெரியும். பூட்டுப் படம் இருந்தா பிரச்சினை இல்ல.

மும்தாஜ்:
பழனி அண்ணா, பாதி சரி. மேலே நான்கு வரை வருவது உண்மைதான். ஆனால் சில தேடலில் ஒன்றுகூட வராது, சிலவற்றில் பக்கத்தின் அடியிலும் வரும். 2024-இல் கூகுள் தன் விளக்கத்தையே மாற்றி, மேல்நிலை விளம்பரங்கள் இயல்பு முடிவுகளுக்குக் கீழேயும் வரலாம் என்றது. ஆக, எண்ணிப் பார்ப்பது உதவாது.

மவுஸை வைத்துப் பார்ப்பதும் ஏமாற்றும். கூகுள் விளம்பரங்களில் அப்போது தெரிவது பெரும்பாலும் விளம்பரதாரர் கொடுத்த முகவரி. உண்மையான வழி சொடுக்கும் கணத்தில்தான் மாற்றப்படுகிறது. சுட்டியில் வலச்சொடுக்கு செய்து முகவரியை நகலெடுத்து, காலிக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். அதில் `google.com/aclk` அல்லது `googleadservices.com` என்று இருந்தால் அது விளம்பரம். கைப்பேசியில் சுட்டியின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் விளம்பரதாரர் பெயரும் நாடும் தெரியும். மென்பொருளை ஆக்கியவருக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லையென்றால் தொடாதீர்கள். கூகுள் சரிபார்த்த பெயர் என்பதும் உத்தரவாதம் ஆகாது, பறித்த கணக்கிலிருந்தும் விளம்பரம் போடுகிறார்கள்.

பூட்டுப் படம் இணைப்பு மறையாக்கப்பட்டதை மட்டும்தான் சொல்லும். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது.

சந்திரன்:
நல்ல இழை. நம்ம அச்சகத் தளம் ரெண்டாம் பக்கத்துல கிடக்கு. இப்படி மேல வர மாசம் எவ்வளவு கட்டணும்?

இளவேனில்:
சந்திரன் சார், அது வேறு இழைக்கு. நிலையான கட்டணம் கிடையாது, ஒவ்வொரு தேடலுக்கும் ஏலம் நடக்கிறது. கேட்கும் தொகையோடு விளம்பரத்தின் தரத்தையும் பார்த்துத்தான் இடம் கிடைக்கும்.

நாகேந்திரன்:
அப்படியென்றால் "ஏல முடிவு"?

இளவேனில்:
மீன் ஏலத்தில் யாருக்குப் போனது என்பதுபோல் இருக்கிறது! "கட்டண முடிவு" என்று முன்பு போட்டுப் பார்த்தோம், சொடுக்கினால் தன் காசு போகும் என்று பயனர்கள் நினைத்தார்கள். "விளம்பர முடிவு" எப்படி?

மும்தாஜ்:
எனக்கு அதுவே. உதவிக் கோப்பில் விளக்கமாக "காசு கொடுத்துப் பெற்ற இடம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

நாகேந்திரன்:
விளம்பரம் சரி. "முடிவு" எங்களுக்குத் தீர்மானம் போலத் தொனிக்கும், "பெறுபேறு" என்போம். ஆனால் அது பரீட்சைக்கு என்பீர்கள்.

இளவேனில்:
என்பேன்தான். "விளம்பர இணைப்பு" என்றால் இரண்டு கரைக்கும் பொதுவாகுமே? இப்போதைக்கு அதை வரைவாக இட்டு, எதிரே "இயல்பு இணைப்பு" வைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள்.

பழனி:
"இயல்பு"ன்னா அசல்னு படிச்சிருவாங்க. போலித் தளம் அங்கயும் வரும்ல?