ஊட்டிக் குளிர்ல வீட்டுப் பனீர்: உதிர்ந்து போனவங்க, ரப்பரானவங்க உங்க அனுபவம் சொல்லுங்க

ஊட்டிக்காரி:
மூணு வாரமா இதே வேலையா இருந்துட்டேன், இப்பதான் ஒரு வழிக்கு வந்திருக்கு, அதான் எழுதறேன். எங்க வீடு ஃபெர்ன்ஹில் பக்கம். பையனுக்கு பனீர் பட்டர் மசாலான்னா உசுரு, வாரா வாரம் கடையில வாங்கி கட்டுப்படியாகலைன்னு வீட்லயே செய்ய ஆரம்பிச்சேன். ஆரஞ்சு பாக்கெட் பால் ரெண்டு லிட்டர், நாலு தடவை செஞ்சேன், நாலும் நாலு விதமா வந்துச்சு.

முதல் தடவை பால் பொங்கி வர்றப்பவே எலுமிச்சம்பழச் சாறு ஊத்தினேன். திரிஞ்சுது, ஆனா சரியா திரியலையோன்னு பயந்து அடுப்ப அணைக்காம இன்னும் அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டுட்டேன். பனீர் கல்லு மாதிரி, கடிச்சா பல்லுல கீச்சு கீச்சுன்னு சத்தம், கிரேவில போட்டு கொதிக்க வெச்சும் இளகவே இல்ல.

ரெண்டாவது தடவை ஒரு வீடியோ பாத்து அடுப்ப அணைச்சுட்டு ஊத்தினேன், அழகா திரிஞ்சுது. அந்த வீடியோல எலுமிச்சை வாடை போக குழாய்த் தண்ணில நல்லா அலசுங்கன்னாங்க, நானும் அலசினேன், டிசம்பர் மாசம் எங்க குழாய்த் தண்ணி எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், விரல் மரத்துப் போச்சு. துணில கட்டி அம்மிக் குழவிய மேல வெச்சு அரை மணி நேரம். பிரிச்சு பாத்தா கட்டியாதான் இருந்துச்சு, கத்திய வெச்சதும் பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு. சரி, வெயிட் வெச்ச நேரம் பத்தலன்னு நெனச்சு மூணாவது தடவை ரெண்டு மணி நேரம் வெச்சேன். காஞ்சு போச்சே தவிர அப்பவும் உதிர்ந்துச்சு. ஆனா ஒன்னு கவனிச்சேன், நடுவுல ஒரு கைப்பிடி அளவு மட்டும் நல்லா ஒட்டி வழுவழுன்னு இருந்துச்சு. அலசுனப்ப அந்த எடத்துக்குள்ள தண்ணி போகல, சூடு ஆறாம இருந்திருக்கு.

அதுக்கப்புறம் வீட்டுக்காரர் கிச்சன் தெர்மாமீட்டர் வாங்கித் தந்தார். நாலாவது தடவை பால் பொங்கறப்ப பாத்தா 93 டிகிரிதான் காட்டுச்சு. ரெண்டு நிமிஷம் அப்படியே கிண்டி விட்டு அணைச்சேன், ஆறு நிமிஷத்துல 82க்கு வந்துச்சு, அப்ப ஊத்தினேன். தண்ணி தெளிஞ்சு லேசா பச்சை மஞ்சளா ஆனதும் நிறுத்திட்டு, மூடி அஞ்சு நிமிஷம் வெச்சு, துணில வடிச்சு, குழாய்த் தண்ணி பக்கமே போகாம கை பொறுக்காத சூட்டுல ஒரு செம்பு வெந்நீர் மேல ஊத்தி உடனே கட்டிட்டேன். ரெண்டு லிட்டர் தண்ணி புடிச்ச குக்கர மேல வெச்சு 25 நிமிஷம், அவ்ளோதான். நானூறு கிராமுக்கு கொஞ்சம் கம்மி வந்துச்சு, கத்தில ஒட்டாம வெட்டுப்பட்டு வாயில வெச்சா கரையுது. மத்தவங்க எப்படி செய்றீங்க?

கோத்தகிரி செல்வி:
அக்கா, அது உயரத்தாலங்க. மலையில பால் சீக்கிரமே கொதிச்சுடும், சூடு பத்தாது, அதனாலதான் பனீர் பிடிக்காது. நான் கால் மணி நேரம் கூடுதலா கொதிக்க விடுவேன், அப்புறம் கிரைண்டர் கல்ல வெச்சு ராத்திரி பூரா அழுத்திடுவேன், காலைல கெட்டியா இருக்கும். எங்க வீட்டுல யாருக்கும் மெத்துன்னு பிடிக்காது, ஃப்ரை பண்றதுக்குதான் செய்றது.

நாயுடுபுரம் தாத்தா:
நான் பால் பண்ணையில முப்பது வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவன், இப்ப கொடைக்கானல்ல இருக்கேன். செல்வி சொல்றதுல பாதி சரிம்மா. ஆயிரம் அடி ஏறினா கொதி சூடு கிட்டத்தட்ட ஒரு டிகிரி கொறையும், ஊட்டி 7,350 அடி, அங்க 93 காட்டுனது சரிதான். ஆனா கால் மணி நேரம் கொதிக்க விட்டாலும் அது 93லயேதான் நிக்கும், மேல ஏறாது, தண்ணிதான் வத்தும். பனீருக்கு பால் 90 தொட்டா போதும். தண்ணியோட போயிடற புரதம் அந்தச் சூட்டுலதான் மாறி திரிஞ்ச கட்டியோட ஒட்டிக்கும், எடையும் அதனால கூடும். அதுக்கு மலையில ஒரு குறையும் இல்ல.

விஷயம் திரிக்கிற சூட்டுல இருக்கு. ரொம்ப சூட்டுல புளிப்பு விட்டா குருணை சட்டுன்னு இறுகி உள்ள இருக்கற தண்ணிய துப்பிடும், கொதிக்கிறப்பவே விட்டு மேலயும் கொதிக்க வெச்சா ஊட்டிக்காரி பாத்த ரப்பர்தான். சூடு கொறைய கொறைய குருணைக்குள்ள தண்ணி தங்கி மெத்துன்னு வரும், ஆனா ரொம்ப கொறைஞ்சா குருணை பொடிசா போயி துணி வழியா ஓடிடும். நாங்க எருமைப் பாலுக்கு 70 கிட்ட விடுவோம், பசும்பாலுக்கு 80க்கு மேல, ஏன்னா பசும்பால் கட்டி இயல்பாவே பலம் கம்மி. பாக்கெட் பாலுக்கு 80 வெச்சுக்கிட்டா தப்பு வராது.

உதிர்ந்ததுக்கு காரணம் ஊட்டிக்காரியே கண்டுபிடிச்சுட்டாங்க. சூடா இருக்கறப்ப குருணை ஒன்னோட ஒன்னு ஒட்டும், ஆறிட்டா ஒட்டாது, அதுக்கப்புறம் எத்தனை மணி நேரம் கல்ல வெச்சாலும் தண்ணி போகுமே தவிர ஒட்டாது. மதுரையில குழாய்த் தண்ணி வெதுவெதுன்னு வரும், அலசினாலும் தப்பிச்சுக்கலாம். நம்ம ஊருல தண்ணி பட்ட உடனே குருணை தனித்தனியா இறுகிடும். அடுக்களையே குளிரா இருக்கும், அதனால வடிகட்டற பாத்திரம், துணி, அழுத்தற தட்டு எல்லாத்தையும் வெந்நீர்ல நனைச்சு வெச்சுக்கங்க.

குன்னூர்க்காரன்:
நல்ல நேரத்துல வந்தேன். எங்க வீட்டுல நேத்து காலைல பால் காய்ச்சறப்ப தானா திரிஞ்சுடுச்சு, அம்மா அதையே வடிகட்டி பனீரா வெச்சுட்டாங்க, லேசா கசந்துச்சு. எலுமிச்சை போடாததாலயா? எவ்வளவு நேரம் அழுத்தினா கசப்பு போகும்?

நாயுடுபுரம் தாத்தா:
தம்பி, அது வேற கத. பால் தானா திரிஞ்சா முன்னாடியே கெட்டு புளிச்சிருக்குன்னு அர்த்தம். அழுத்தி கசப்பு போகாது. அத சாப்பிட வேணாம், கொட்டிடுங்க. பாக்கெட்ட ராத்திரி வெளியில வெச்சீங்களான்னு பாருங்க, குளிர்தானேன்னு நிறைய பேரு வெச்சுடறாங்க.

மன்னவனூர் பொண்ணு:
தாத்தா எனக்கு ஒன்னு கேக்கணும். நாங்க ரெண்டு கறவை மாடு வெச்சிருக்கோம், ரெண்டும் ஜெர்சி கலப்பு. கறந்த பால்ல செஞ்சா மெத்துன்னு நல்லாதான் வருது ஆனா டிக்காவுக்கு கம்பியில குத்தினா பிளந்துடுது. எங்ககிட்ட தெர்மாமீட்டரும் இல்ல, எலுமிச்சம்பழமும் இங்க எப்பவும் கிடைக்காது, கடையில சிட்ரிக் ஆசிட் பொடி வாங்கி கொஞ்சம் அள்ளிப் போடுவேன், அப்படியே கொதிக்கிற பால்ல தூவிடுவேன்.

நாயுடுபுரம் தாத்தா:
பொடிய அப்படியே தூவாதம்மா, விழுந்த எடத்துல கட்டியாகும், மத்த எடத்துல பால் பாலாவே நிக்கும். ஒரு லிட்டருக்கு ரெண்டு கிராம், கால் டீஸ்பூனுக்கு மேல அரை டீஸ்பூனுக்குள்ள, அத ஒரு டம்ளர் சூடான தண்ணில கரைச்சுக்க. பச்சத் தண்ணில கரைச்சு ஊத்துனா பாலோட சூடு எறங்கிடும். அடுப்ப அணைச்சு, ஒரு லிட்டருன்னா நாலு நிமிஷம் கிண்டிக்கிட்டே இரு, மேல ஆடை கட்ட விடாத. குமிழி அடங்கி ஆவி மட்டும் நல்லா வர்ற நிலையில மெல்ல மெல்ல ஊத்து. கரண்டிய சுத்தி சுத்தி அடிக்காத, குருணை ஒடைஞ்சுடும். தண்ணி தெளிஞ்ச உடனே மிச்சம் இருந்தாலும் நிறுத்திடு, அதுக்கு மேல விட்டா புளிப்பும் வரும், கட்டியும் வறண்டு போகும். தண்ணி பால் கலரா இருந்தா இன்னும் ஒரு ஸ்பூன் விட்டு ஒரு நிமிஷம் பாரு, அப்பவும் தெளியலன்னா சூடு எறங்கிடுச்சு, லேசா அடுப்புல காட்டு.

டிக்காவுக்கு, மொதல்ல ரெண்டு கிலோ வெயிட்ல பத்து நிமிஷம், அப்புறம் நாலஞ்சு கிலோவா ஏத்தி இன்னொரு அரை மணி. எடுத்த எடுப்புல பெரிய கல்ல வெச்சா ஓரம் இறுகி நடுவுல தண்ணி நின்னுடும். அழுத்தி முடிச்சப்புறம் முழுக்கட்டியா ரெண்டு மணி நேரம் குளிர்ந்த தண்ணில போட்டு வை, இப்பதான் நம்ம ஊரு தண்ணி உதவும், அப்புறம் வெட்டினா ஓரம் உடையாது. பசும்பால்ல எருமைப் பால் பனீர் அளவுக்கு உறுதி வராதும்மா, அத எதிர்பாக்காத.

கோத்தகிரி செல்வி:
ஐயா கொதிக்கிற விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி பூரா வெச்சா தப்பா? எனக்கு உடையறதே இல்லையே.

நாயுடுபுரம் தாத்தா:
நீங்க வெந்நீர்ல கட்டி இருப்பீங்க, இல்ல அலசாம கட்டி இருப்பீங்க, அதான் உடையல. வறுக்கறதுக்கு பிடிச்சிருந்தா செய்யுங்கம்மா. ஆனா ராத்திரி முழுக்க வெளியில வைக்காதீங்க, குளிர் காலம்னாலும் அது ஃப்ரிட்ஜ் இல்ல.

ஊட்டிக்காரி:
எலுமிச்சைக்கு பதிலா புளிச்ச தயிர் விட்டா இன்னும் மெத்துன்னு வரும்னு எங்க அத்தை சொல்றாங்க, ஞாயித்துக்கிழமை அதையும் செஞ்சு பாக்கறேன். போன வாரம் வடிச்ச தண்ணிய ரெண்டு நாள் வெச்சிருந்தேன், நல்லா புளிச்சுடுச்சு, அதையும் சூடு பண்ணி கொஞ்சம் விட்டுப் பாத்தேன், திரிஞ்சுது, ஆனா நெறைய விட வேண்டியிருந்துச்சு. மீதியில சப்பாத்தி மாவு பெசஞ்சேன்.

நாயுடுபுரம் தாத்தா:
தயிர்ல மெத்துன்னு வரும்னு என் வீட்டுக்காரியும் சொல்லுவா, எனக்கு பெரிய வித்தியாசம் தெரியல. செஞ்சுட்டு சொல்லுங்க.

மன்னவனூர் பொண்ணு:
தாத்தா நேத்து செஞ்சேன். ரெண்டு லிட்டர் பால், ஒரு டீஸ்பூன் பொடி ரெண்டு டம்ளர் வெந்நீர்ல, முக்கால்வாசி ஊத்தினதுமே தெளிஞ்சுடுச்சு. அஞ்சு கிலோ அரிசி டப்பாவ ரெண்டாவதா வெச்சேன். முன்னூறு கிராமுக்கு மேல வந்துச்சு. கம்பியில எட்டு துண்டு குத்தினேன், ரெண்டுதான் பிளந்துச்சு, அது ரெண்டும் ஓரத்துத் துண்டு. அங்க துணி மடிப்பு விழுந்து குழியா இருந்துச்சு, அதனாலயா இருக்குமா?